ஃபீலர் கேஜ், த்ரெட் பிட்ச் கேஜ்: தேய்ந்ததா இல்லையா, எப்போது தூக்கிப் போடுவது?

பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் பத்து வருடம் கைபோட்டவர்கள் வரை திரும்பத் திரும்ப இதே சந்தேகங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

ஃபீலர் கேஜ்ங்கறது ஸ்பிரிங் ஸ்டீல்ல செஞ்ச தகடு, அது எப்படிங்க தேயும்?

தேயும். வேகமாகவே தேயும். இடைவெளிக்குள் நுழைத்து அளவு பார்க்கும் அந்தத் தகட்டைத்தான் இதழ் என்கிறோம். இதழ் கடினப்படுத்திய ஸ்டீல்தான், ஆனால் அது நுழைகிற இடமும் பெரும்பாலும் கடினப்படுத்திய ஸ்டீல்தான். வால்வு தண்டின் தலை, ராக்கர் முனை, கேம் இவற்றுக்கு நடுவே லேசான பிடிப்போடு இழுக்கிறோம். நூறு தடவை, ஆயிரம் தடவை. அங்கே கொஞ்சம் கரியோ மணலோ கலந்த எண்ணெய் இருந்துவிட்டால் அது தேய்ப்புப் பசை மாதிரிதான் வேலை செய்யும்.

இன்னொன்று, இங்கே பெரிய தேய்மானம் தேவையே இல்லை. 0.20 மி.மீ. இதழில் 0.02 போனால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். கண்ணுக்கு அது தெரியாது, விரலுக்கும் தெரியாது.

மேல 0.20னு அடிச்சிருக்கே, அதை நம்பக் கூடாதா?

அந்த எண், தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய நாளில் இதழ் எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்கிறது, அவ்வளவுதான். அன்றைக்கே கூட அது சரியாக 0.200 இருந்திருக்காது. மெல்லிய இதழ்களில் சில மைக்ரான், தடித்தவற்றில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக முன்பின் இருக்கலாம் என்று தயாரிப்பாளரே அனுமதி வைத்திருப்பார். அதனால் புதுப் பெட்டியைப் பிரித்ததும் ஒரு தடவை எல்லா இதழையும் அளந்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். அரை மணி நேர வேலை. பிறகு தேய்மானம் பேசும்போது அந்தத் தாள்தான் சாட்சி.

எண்ணே அழிந்துபோய்ப் படிக்க முடியாத இதழைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அளந்து பார்த்து அளவு சரியாக இருந்தாலும் நான் வைத்துக்கொள்வதில்லை. அவசரத்தில் 0.15-ஐ 0.18 என்று யாராவது எடுப்பார்கள்.

சரி, கொஞ்சம் தேஞ்சா என்ன ஆகிடப் போகுது?

தப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் இந்தக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். தேய்ந்த இதழ் மெலிந்த இதழ். அது, எண் சொல்வதைவிடச் சிறிய இடைவெளியிலும் நுழைந்துவிடும். 0.20 என்று எழுதிய இதழ் உண்மையில் 0.184 இருக்கிறது என்று வையுங்கள். அதைப் போட்டு வால்வு கிளியரன்ஸ் வைத்தால் இடைவெளி 0.184-க்கு அருகில்தான் நிற்கும், நீங்கள் 0.20 என்று எழுதிக்கொள்வீர்கள். வால்வு இறுக்கமாகிவிட்டது. எஞ்சின் சூடேறித் தண்டு நீளும்போது வால்வு சரியாக மூடாமல் போகலாம், எக்ஸாஸ்ட் பக்கம் என்றால் வால்வு கருகும்.

இப்போது இதையே திருப்பிப் பாருங்கள். "இந்த இடைவெளியில் 0.05 நுழையக் கூடாது" என்று ஒரு சோதனை. இதழ் தேய்ந்து 0.042 ஆகிவிட்டது. நல்ல பொருளிலும் நுழைந்துவிடும், நீங்கள் நல்ல பொருளைத் தள்ளிவிடுவீர்கள். அதாவது நுழைய வேண்டிய சோதனையில் தேய்ந்த இதழ் கெட்டதை நல்லது என்கிறது, நுழையக் கூடாத சோதனையில் நல்லதைக் கெட்டது என்கிறது. முதலாவதுதான் ஆபத்து, ஏனென்றால் யாரும் புகார் சொல்ல வரமாட்டார்கள், பொருள் பேசாமல் வெளியே போய்விடும்.

வெர்னியர் வச்சு அளந்தா போதாதா?

போதாது. சாதாரண வெர்னியர் 0.02 வரைதான் காட்டும், நாம் தேடுவதே 0.005. டிஜிட்டல் காலிபர் 0.01 காட்டினாலும், அது காட்டுவதில் ஒன்றிரண்டு எண் முன்பின் போகும். 0-25 மைக்ரோமீட்டர் வேண்டும், 0.001 படிக்கக் கூடியதாக இருந்தால் நல்லது.

அளப்பதற்கு முன் இரண்டு முகங்களையும் சுத்தமான தாளை லேசாகக் கவ்வி இழுத்துத் துடைத்து, பூஜ்யம் பாருங்கள். முடிந்தால் ஒரு ஸ்லிப் கேஜை வைத்தும் பாருங்கள். இதழையும் துடைக்க வேண்டும், எண்ணெய்ப் படலம் ஒன்றிரண்டு மைக்ரான் கூட்டிக் காட்டிவிடும். ராட்செட்டைத்தான் திருக வேண்டும், கட்டைவிரல் பலத்தில் திருகக் கூடாது. வெப்பநிலை பற்றி இங்கே கவலை வேண்டாம். அரை மி.மீ. ஸ்டீல் பத்து டிகிரி சூடானாலும் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட மாறாது.

ஒரு இடத்துல அளந்தா போதுமா? எந்த இடத்துல?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். இதழ் முழுக்க ஒரே மாதிரி தேய்வதில்லை. நுனியில் முதல் பத்துப் பதினைந்து மி.மீ.தான் வேலை செய்கிறது. ஆணி அடித்திருக்கும் அடிப்பக்கம் எந்த இடைவெளிக்குள்ளும் போனதே இல்லை, அது கிட்டத்தட்ட வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கும். அதனால் அடி, நடு, நுனி என்று மூன்று இடத்தில் அளந்தால் இதழ் தன் கதையைத் தானே சொல்லிவிடும்.

நான் ஒரு தடவை பழைய செட்டில் அளந்த 0.20 இதழ் இப்படி இருந்தது. அடியில் 0.201. நடுவில் 0.199. நுனியிலிருந்து எட்டு மி.மீ. தள்ளி 0.188. அடியிலிருந்து நுனியைக் கழித்தால் 0.013 தேய்மானம். அதே செட்டில் 0.80 இதழ் அடியில் 0.798, நுனியில் 0.795. வெறும் 0.003. ஏனென்றால் 0.20 தினமும் டேப்பெட்டுக்குப் போனது, 0.80 எப்போதாவதுதான் வெளியே வந்தது. செட் ஒன்றாக வாங்கப்பட்டாலும் ஒன்றாகத் தேய்வதில்லை.

அளக்கும்போது எண் பொறித்த இடத்தைத் தவிர்க்கவும், அச்சு பதித்ததில் அங்கே உலோகம் கொஞ்சம் மேலே எழும்பியிருக்கும். விளிம்பை ஒட்டியும் அளக்க வேண்டாம், பிசிறு இருந்தால் தடிமன் கூடுதலாகக் காட்டும். அகலத்தின் நடுவில் அளவுங்கள்.

மைக்ரோமீட்டர்ல சரியாத்தான் காட்டுது, ஆனா அந்த இதழால வச்ச கிளியரன்ஸ் மட்டும் சரியா வர்றதில்ல. ஏன்?

அநேகமாக இதழில் பள்ளம் விழுந்திருக்கும். மைக்ரோமீட்டர் முகம் தட்டையானது, ஆறு மி.மீ.க்குச் சற்று மேல் விட்டம். ராக்கர் முனையோ உருண்டை வடிவம். அது இதழில் இரண்டு மூன்று மி.மீ. அகலத்தில் ஒரு சின்னப் பள்ளத்தைத் தேய்க்கும். தட்டை முகம் அந்தப் பள்ளத்தின் இரண்டு கரையிலும் உட்கார்ந்து பாலம் கட்டிவிடும். உள்ளே இறங்கவே இறங்காது. கரையின் தடிமனை உங்களுக்குக் காட்டிவிட்டு, நான் நலம் என்று சொல்லும்.

மேலே சொன்ன அதே 0.20 இதழில் எனக்கு இதுதான் நடந்தது. தட்டை முகத்தில் 0.188. கூர்முனை மைக்ரோமீட்டர் வைத்துப் பள்ளத்தின் நடுவில் அளந்தபோது 0.184. இன்னும் நான்கு மைக்ரான் ஒளிந்திருந்தது.

கூர்முனை மைக்ரோமீட்டர் இல்லையென்றால், இதழை ஒரு சர்ஃபேஸ் பிளேட்டில் படுக்க வைத்து, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, உருண்டை முனை உள்ள டயல் இண்டிகேட்டரை அதன்மேல் வைத்து இதழை மெதுவாக நகர்த்துங்கள். ஊசி ஒரு இடத்தில் இறங்கி ஏறினால் அதுதான் பள்ளம். இண்டிகேட்டர் குறைந்தது 0.002 காட்ட வேண்டும். இதழைத் திருப்பிப் போட்டு மறுபக்கமும் பாருங்கள். அதுவும் கையில் இல்லையென்றால் டியூப் லைட்டின் பிரதிபலிப்பை இதழின் மேல் விழவைத்துச் சாய்த்துப் பாருங்கள். வெளிச்சக் கோடு நேராக ஓடாமல் ஓரிடத்தில் நெளிந்தால் பள்ளம் இருக்கிறது. எவ்வளவு என்று சொல்லாது, இருக்கிறது என்று மட்டும் சொல்லும்.

எல்லாம் சரி, எவ்வளவு தேஞ்சா தூக்கிப் போடறது? ஒரு நம்பர் சொல்லுங்க.

எல்லோருக்கும் பொதுவான ஒரு நம்பர் கிடையாது. உங்கள் வேலையிலிருந்துதான் அது வரும். நான் பின்பற்றுவது பழைய பத்தில் ஒரு பங்குக் கணக்கு: வேலையில் அனுமதித்திருக்கும் மொத்த அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இதழ் தப்பாக இருக்கக் கூடாது.

வால்வு கிளியரன்ஸ் 0.20, கூடவோ குறையவோ 0.03 என்று கையேடு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்த அகலம் 0.06. அதில் பத்தில் ஒன்று 0.006. என் மைக்ரோமீட்டரே 0.002 தப்பக்கூடும் என்பதால் அதையும் கழித்துவிடுகிறேன். மீதி 0.004. ஆகவே நுனி 0.196-க்குக் கீழே காட்டினால் அந்த இதழ் இந்த வேலைக்கு இல்லை. மேலே சொன்ன 0.184 இதழ் இதில் எங்கேயுமே நிற்காது. அதே செட்டின் 0.80 ஸ்பார்க் பிளக் இடைவெளிக்கு மட்டும் போகிறது, அங்கே கூடவோ குறையவோ 0.1 அனுமதி என்றால் 0.02 வரை தாங்கும், கணக்குப்படி 0.785 ஆனாலும் ஓட்டலாம். ஆனால் அதே இதழ் இன்னொரு நுணுக்கமான வேலைக்கும் போகிறது என்றால், இருப்பதிலேயே கடினமான வேலையின் கணக்கைத்தான் எடுக்க வேண்டும்.

பத்தில் ஒன்று எட்டாத இடங்களில் நான்கில் ஒன்று வரை இறங்குபவர்களும் உண்டு. 0.05 மாதிரி மெல்லிய இதழ்களில் வேறு வழியும் இல்லை, அங்கே 0.003 தேய்ந்தாலே இதழில் ஆறு சதவீதம் போய்விடுகிறது. அவற்றைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதைவிட அடிக்கடி மாற்றுவதுதான் மலிவு.

புது இதழே 0.195 காட்டுது. உங்க கணக்குப்படி இதையும் தூக்கிப் போடணுமா?

நல்ல கேள்வி, இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். தேய்மானம் வேறு, தப்பு வேறு. அடிக்கும் நுனிக்கும் உள்ள வித்தியாசம் தேய்மானம். எழுதியிருக்கும் எண்ணுக்கும் நுனிக்கும் உள்ள வித்தியாசம் தப்பு. உங்கள் புது இதழில் தேய்மானம் பூஜ்யம், தப்பு 0.005. வேலையைக் கெடுப்பது தப்புதான், அது எங்கிருந்து வந்தது என்று வால்வுக்குக் கவலை இல்லை.

தயாரிப்பாளரின் அனுமதிக்குள் இருக்கிற இதழைக் கடைக்குத் திருப்பித் தர முடியாது, தூக்கிப் போடவும் வேண்டாம். அதை 0.195 இதழ் என்றே தாளில் எழுதி, அந்த அளவாகவே பயன்படுத்துங்கள். தேய்மானக் கணக்கையும் 0.195-லிருந்து தொடங்குங்கள். இதைச் செய்யக் கை வராது, எண்ணைப் பார்த்துத்தான் எடுப்பார்கள் என்றால், அந்தப் பட்டறையில் அந்த இதழ் இருக்கக் கூடாது.

கொஞ்சம் வளைஞ்சிருக்கு, நிமித்திட்டா சரியாப் போயிடுமா?

நீளவாக்கில் மெதுவாக வில் மாதிரி வளைந்திருந்தால் பெரிய பிரச்சினை இல்லை, மெல்லிய இதழ் இடைவெளிக்குள் போகும்போது தானே படிந்துவிடும். மடிப்பு விழுந்திருந்தால், அதாவது விரல்நகத்தை ஓட்டும்போது ஒரு கோடு தட்டுப்பட்டால், அளக்கவே வேண்டாம். நிமிர்த்தினாலும் மடிப்புக் கோட்டில் உலோகம் இரண்டு பக்கமும் மேடு கட்டியிருக்கும். 0.03, 0.04 இதழ்கள் கசங்கினால் கதை முடிந்தது.

கசங்கிய இதழின் தப்பு தேய்ந்ததற்கு நேர் எதிர்ப்பக்கம் போகும். அது தடித்த இதழ் மாதிரி நடந்துகொள்ளும், 0.06 இடைவெளியில்கூட 0.05 நுழையவில்லை என்று காட்டும். இடைவெளி சிறியது என்று நினைத்துப் பெரிதாக்கிவிடுவீர்கள். மைக்ரோமீட்டர் அழுத்தி நசுக்கி விடுவதால் அது இதையும் மறைத்துவிடலாம். அதனால் மெல்லியவற்றுக்குக் கண்தான் முதல் கருவி.

துரு புடிச்சிருக்கு, எமரி போட்டுத் தேச்சுடலாமா?

எமரியை மட்டும் எடுக்காதீர்கள், துருவோடு இதழும் போகும். எண்ணெயில் ஊறவைத்துக் கெட்டித் துணியால் துடையுங்கள், அதற்குப் போகாத துரு ஏற்கெனவே உள்ளே குழி தோண்டியிருக்கிறது. துடைத்தபின் மேலே கறை மட்டும் நிற்கிறது, அளவு சரி என்றால் வைத்துக்கொள்ளலாம். நுனிப் பகுதியில் குழி தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். குழியால் அளவு குறைந்து தெரியாது, ஆனால் குழியின் ஓரம் சொரசொரத்து இழுக்கும்போது கைக்குப் பொய்ப் பிடிப்பைத் தரும். ஃபீலர் கேஜில் கடைசித் தீர்ப்பு கைப்பிடிப்பில்தானே இருக்கிறது.

நுனி மட்டும்தானே தேஞ்சிருக்கு, அதை வெட்டிட்டா புது இதழ் ஆயிடுமே?

ஆகும், இதை நானே செய்திருக்கிறேன். மேலே சொன்ன மூன்று இடக் கணக்கில் நடுப்பகுதி 0.199 என்று நின்றதால் நுனியிலிருந்து பதினெட்டு மி.மீ. வெட்டினேன். ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். வெட்டிய விளிம்பில் கண்டிப்பாகப் பிசிறு எழும்பும். மெல்லிய எண்ணெய்க் கல்லில் விளிம்பை மட்டும் தேய்த்து எடுத்து, மூலைகளை வட்டமாக்க வேண்டும். கல் இதழின் முகத்தில் படக் கூடாது. கிரைண்டரில் பிடித்தால் நுனி நீலம் பாய்ந்து பதம் போய்விடும், அதற்குப்பின் அது சீக்கிரமே வளையும், தேயும்.

வெட்டியபின் புது நுனியைப் பழையபடி அளந்து தாளில் எழுதுங்கள். இதழ் இடைவெளியின் முழு ஆழத்துக்கும் எட்டுகிறதா என்றும் பாருங்கள், எட்டாத நீளத்துக்கு வந்துவிட்டால் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். 0.10-க்குக் கீழே உள்ள இதழ்களில் இந்த வேலையில் இறங்காதீர்கள், பிசிறு எடுக்கப் போய் நுனி சுருண்டுவிடும்.

ரெண்டு மூணு இதழ் சேத்து வச்சு அளக்கறேன், அதுல தேய்மானம் எப்படிப் பாக்கறது?

தனித்தனியாக அளந்து கூட்டுவதோடு நிற்காமல், சேர்த்தும் மைக்ரோமீட்டரில் கொடுங்கள். கூட்டுத்தொகைக்கும் சேர்த்து அளந்ததற்கும் 0.01 வித்தியாசம் வந்தால் நடுவில் எண்ணெயோ பிசிறோ இருக்கிறது. மூன்றுக்கு மேல் சேர்க்க வேண்டாம். மெல்லியதை வெளியே வைக்காமல் இரண்டு தடித்ததற்கு நடுவே வையுங்கள், கசங்காது.

த்ரெட் பிட்ச் கேஜையும் இதே மாதிரி மைக்ரோமீட்டர்ல அளக்கணுமா?

வேண்டாம், அதன் தடிமனுக்கு எந்த வேலையும் இல்லை. பிட்ச் கேஜ் அளக்கும் கருவி இல்லை, அடையாளம் காட்டும் கருவி. மரையில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள தூரம், அதாவது பிட்ச், 1.25-ஆ, 1.5-ஆ என்று சொல்லும். மரை சரியான விட்டத்தில் வெட்டியிருக்கிறதா, நட் ஏறுமா என்று அது சொல்லவே சொல்லாது. அதற்கு மரை பிளக் கேஜ், ரிங் கேஜ் எல்லாம் தனி. ஆகவே அதன் தேய்மானத்தை மைக்ரானில் பிடிக்க வேண்டியதில்லை, பக்கத்து பிட்ச்சோடு குழப்புகிறதா என்பதுதான் கேள்வி.

பார்ப்பது இப்படி. அதே பிட்ச்சுள்ள மரை பிளக் கேஜில் அல்லது கிரைண்டிங் செய்த நல்ல டேப்பில் இதழைப் பொருத்தி, பின்னால் வெளிச்சம் வைத்துப் பாருங்கள். சாதாரண போல்ட் வேண்டாம். மேலே பூச்சு இருக்கும், அதன் மரையும் அவ்வளவு சுத்தமாக இருக்காது, தப்பு யாருடையது என்று தெரியாமல் போகும். பற்களின் சாய்வு முகங்கள் முழுக்கப் படிந்து, முதல் பல்லிலிருந்து கடைசிப் பல் வரை ஒரே மாதிரி வெளிச்சம் வர வேண்டும். உச்சியில் மெல்லிய கீற்று வந்தால் பரவாயில்லை, பல நல்ல கேஜ்களிலேயே உச்சி மழுக்கித்தான் இருக்கும். சாய்வில் வெளிச்சம் வந்தால்தான் யோசிக்க வேண்டும். பிளக் கேஜ் இல்லையென்றால் புதுச் செட்டின் அதே இதழோடு பல்லுக்குப் பல் கோர்த்துப் பார்க்கலாம்.

ஓரத்துல ரெண்டு பல்லு மட்டும் மழுங்கியிருக்கு. நடுவுல நல்லாத்தானே இருக்கு, வச்சுக்கலாமா?

ஓரப் பற்கள்தான் முக்கியமே, அதனால் கூடாது. 1.25 மி.மீ. பிட்ச்சையும் அங்குலத்துக்கு 20 மரையையும் எடுத்துக்கொள்ளுங்கள். 25.4-ஐ 20-ஆல் வகுத்தால் 1.27. ஒரு மரைக்கு வெறும் 0.02 வித்தியாசம், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. பத்து மரை தாண்டினால் 12.5-க்கும் 12.7-க்கும் 0.2 வித்தியாசம். நடுப்பல்லை உட்காரவைத்துப் பார்த்தால் இரண்டு ஓரத்திலும் 0.1 வீதம் விலகி நிற்கும், அங்கேதான் வெளிச்சம் கசிந்து தப்பைக் காட்டிக்கொடுக்கும்.

இப்போது அந்த ஓரப் பற்கள் மெலிந்திருந்தால் விலகலுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. 20 மரை போல்ட்டில் 1.25 இதழ் அழகாக உட்கார்ந்த மாதிரி தோன்றும். அந்த போல்ட்டை விட்டம் ஒத்துவருகிற 1.25 ஓட்டையில் திருகினால் சில சுற்று ஏறிவிட்டு இறுகும், ஸ்பேனரைப் போட்டு இன்னொரு சுற்று கொடுத்தால் ஓட்டையின் மரை போய்விடும். நாம் எப்போதும் கேஜை மரையில் சாய்த்து ஓரத்திலிருந்து வைப்பதால் முதலில் தேய்வதும் அதே ஓரப் பற்கள்தான்.

கேஜ் புதுசுதான், ஆனா 0.8-ம் 32 மரையும் ரெண்டுமே பொருந்துது. கேஜ் கெட்டதா?

கெடவில்லை, அது அந்தக் கருவியின் எல்லை. 32 மரை என்றால் 0.794. பத்து மரையில் மொத்தமே 0.06 வித்தியாசம், மேலே சொன்ன கணக்குப்படி ஓரத்தில் 0.03 வீதம். புதுப் பல்லிலும் அது தெரியாது, இதற்காக கேஜைத் தூக்கிப் போடாதீர்கள். இருபது மரை கிடைத்தால் வெர்னியரில் உச்சிக்கு உச்சி அளவுங்கள், 16.0 வந்தால் 0.8, 15.87 அருகே வந்தால் 32. குட்டை ஸ்க்ரூ என்றால் வெளிவிட்டத்தைப் பாருங்கள். 5 மி.மீ. ஸ்க்ரூ பெரும்பாலும் 4.9-ஐ ஒட்டி இருக்கும், நம்பர் 10 ஸ்க்ரூ 4.8-ஐத் தாண்டுவது அபூர்வம்.

அப்போ பிட்ச் கேஜை எப்பத்தான் தூக்கிப் போடறது?

ஓரப் பல் உடைந்தாலோ மெலிந்தாலோ, எண் படிக்க முடியாமல் போனாலோ, இதழ் பக்கவாட்டில் வளைந்து பற்கள் நேர்க்கோட்டில் நிற்காமல் போனாலோ அந்த இதழ் அவ்வளவுதான். இவை எதுவும் இல்லாமல் வெறும் சந்தேகம் என்றால் ஒரு சோதனை செய்யுங்கள். பக்கத்து பிட்ச்சை வேண்டுமென்றே தப்பாகப் பொருத்திப் பாருங்கள், 1.25 இதழை 20 மரையில், 1.0 இதழைத் 24 மரையில் (அது 1.058). நல்ல இதழ் உடனே முரண்டு பிடிக்கும், ஓரத்தில் வெளிச்சம் தெரியும். தப்பான மரையிலும் சமாதானமாக உட்கார்ந்துவிடுகிற இதழைத்தான் தூக்கிப் போட வேண்டும். சரியான மரையில் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தேய்ந்தது எல்லாமே பாஸாகும்.

ஒரு இதழ் போச்சுன்னா முழு செட்டையும் மாத்தணுமா?

ஃபீலர் கேஜில் தேவையில்லை. ஆணியோ திருகோ கழற்ற முடிந்தால் அந்த இதழை மட்டும் மாற்றலாம், தனி இதழாகவும் சுருளாகவும் கிடைக்கிறது. மாற்றியதைத் தாளில் குறியுங்கள், இல்லாவிட்டால் அடுத்த தடவை அளப்பவர் "இந்த ஒன்று மட்டும் தேயவே இல்லையே" என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வார். பிட்ச் கேஜில் பல சமயம் இதழ்களை ரிவெட் அடித்து மூடியிருப்பார்கள், அங்கே கெட்ட இதழை மட்டும் ஒடித்து எடுத்துவிட்டு மீதியை ஓட்டுவது வழக்கம். அதில் தப்பில்லை.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை பாக்கணும்?

நாளைவிட உபயோகத்தைப் பாருங்கள். தினமும் வெளியே வருகிற இரண்டு மூன்று இதழ்களை மாதம் ஒரு தடவை நுனியில் அளவுங்கள், மற்றவற்றை வருடத்துக்கு ஒரு தடவை. மூன்று மாத அளவுகளை வரிசையாகப் பார்த்தால் எவ்வளவு வேகத்தில் தேய்கிறது என்று தெரிந்துவிடும். மாதம் 0.001 தேய்கிறது, உங்கள் எல்லைக்கு இன்னும் 0.002 இருக்கிறது என்றால், இப்போதே புது இதழ் சொல்லிவிடலாம். கீழே விழுந்தது, யாரோ அதை வைத்து நெம்பினார்கள் என்று தெரிந்தால் மாதக்கணக்கு பார்க்க வேண்டாம், அன்றைக்கே அளவுங்கள்.

தூக்கிப் போடறதுன்னா நிஜமாவே குப்பையிலயா?

முதலில் இரண்டாக வெட்டிவிட்டுப் போடுங்கள். நான் ஒரு தடவை வெட்டாமல் இரும்புக் கழிவுப் பெட்டியில் போட்ட 0.15 இதழ், இரண்டு வாரம் கழித்து வேறொருவரின் செட்டில் உட்கார்ந்திருந்தது. "நல்ல இதழா இருந்துச்சு, யாரோ தவறிப் போட்டுட்டாங்கன்னு எடுத்து வச்சேன்" என்றார். எண் பளிச்சென்று இருந்தது, அவர்மேல் என்ன தப்பு? அன்றிலிருந்து கத்தரியை எடுத்து எண்ணின் நடுவே ஒரு வெட்டு. பசை சுரண்ட, கேஸ்கெட் கிளப்ப ஒரு துண்டு வேண்டும் என்பவர்களுக்கு வெட்டிய பாதியைக் கொடுப்பேன்.